ஒரே 'க', மூணு சத்தம்: எந்த இடத்துல எது வரும், ஏன் வருது?

2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி ஒரு பட்டியல் விட்டுச்சு, எதிர்ப்பு கிளம்பி கிட்டத்தட்ட ஒரு வாரத்துல அதை வாபஸும் வாங்கிட்டாங்க. அந்த ஒரு வாரம் நடந்த சண்டைக்குள்ள ஒளிஞ்சிருந்த கேள்வி ஒண்ணு இருக்கு. தமிழ்ல ஒரு எழுத்துதான் இருக்கு, அதை இங்கிலீஷ்ல எப்ப கே போட்டு எழுதணும், எப்ப ஜி போட்டு எழுதணும்? திண்டுக்கல்லுக்கு இத்தனை வருஷமா ஜி போட்டு எழுதிட்டு இருந்தோம், புதுப் பட்டியல் ரெண்டு கே போட்டுச்சு. எது சரி? காரைக்குடிக்குக் கே போடுறோம், மன்னார்குடிக்கு ஜி போடுறோம், ரெண்டுலயும் இருக்கிறது அதே 'குடி'தானே?

இதுக்குப் பதில் இருக்கு, அதுவும் ரொம்ப ஒழுங்கான பதில். தமிழ் பேசுற எல்லாரும் இந்த ரூலை சின்னப் பிள்ளையில இருந்தே தப்பில்லாம ஃபாலோ பண்றோம், ஆனா யாரும் கிளாஸ்ல உக்கார வச்சு சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் ஸ்பெல்லிங்னு வரும்போது குழம்புறோம்.

## முதல்ல அந்த மூணு சத்தம் என்னன்னு பிரிச்சுக்குவோம்

'கல்', 'தங்கம்', 'பகல்'. இந்த மூணையும் மெதுவா வாய்விட்டு சொல்லிப் பாருங்க, தொண்டையில குரல்வளை மேல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு சொன்னா இன்னும் நல்லா தெரியும்.

1. 'கல்'லுல வர்ற க: நாக்கோட பின்பக்கம் மேல போய் அண்ணத்தோட பின்பக்கத்தை முழுசா அடைக்குது, அடைச்சிருக்கிற அந்த நேரத்துல தொண்டையில அதிர்வு இல்ல, திறந்தப்புறம் 'அ' ஆரம்பிக்கும்போதுதான் அதிருது. இதை இந்தக் கட்டுரை முழுக்க வன்-கன்னு சொல்லுவோம், இங்கிலீஷ்ல கே.

2. 'தங்க'த்துல வர்ற க: நாக்கு அதே இடத்தைத்தான் அடைக்குது, ஆனா அடைச்சிருக்கும்போதும் தொண்டை அதிர்ந்துக்கிட்டே இருக்கு. இது மென்-க, இங்கிலீஷ்ல ஜி.

3. 'பகல்'ல வர்ற க: இதுல நாக்கு மேல போகுது, ஆனா முழுசா அடைக்கிறதில்ல, ஒரு சின்ன இடைவெளி விட்டு நிக்குது, காத்து அந்த இடைவெளியில உரசிக்கிட்டே போகுது. இது உரசல்-க. சிலர் வாயில இது 'ஹ'வுக்குக் கிட்டப் போயிடும், சிலர் வாயில மென்-க மாதிரியே இருக்கும்.

மொழியியல்ல இதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க. மனசுல ஒரே எழுத்தா பதிஞ்சிருக்கிற சத்தத்துக்கு ஒலியன்னு பேரு, அது வாயில வெளிய வரும்போது இடத்துக்கு இடம் எடுக்கிற உருவங்களுக்கு மாற்றொலின்னு பேரு. தமிழுக்கு க ஒரே ஒலியன், மத்ததெல்லாம் அதோட மாற்றொலிங்க. இந்திக்காரருக்கு அப்படி இல்ல, அவங்களுக்கு வன்-க ஒரு எழுத்து, மென்-க வேற எழுத்து, ஹ இன்னொரு எழுத்து, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா வார்த்தையே மாறிடும். சொந்தத் தமிழ் வார்த்தையில அப்படி மாறாது, 'பகல்'ங்கிறதை வன்-க போட்டு சொன்னாலும் "இவர் வெளியூர்க்காரர் போல"ன்னு தோணுமே தவிர வேற அர்த்தம் வந்துடாது.

தமிழுக்கு எழுத்து பத்தலைன்னு சொல்றவங்க இந்த இடத்தை கவனிக்கணும். எந்த இடத்துல எந்த சத்தம் வரும்னு இடமே சொல்லிடும்போது தனித்தனி எழுத்துக்கு வேலையே இல்ல. தொல்காப்பியத்துல பிறப்பியல் பகுதியில ககரமும் ஙகரமும் நாக்கோட அடியும் அண்ணமும் சேர்ற இடத்துல பிறக்குதுன்னு சொல்லியிருக்கு, ககரத்தை மூணா பிரிச்சு தனித்தனி எழுத்தா வைக்கல, வைக்கவும் அவசியம் இல்ல.

## எந்த இடத்துல எது வரும்

ரூல் அஞ்சுதான்.

1. வார்த்தையோட தொடக்கத்துல வன்-க. கல், காடு, கிளி, குடி, கோட்டை. சொந்தத் தமிழ் வார்த்தை எதுவும் மென்-க வச்சு ஆரம்பிக்காது. பக்கத்து மொழி கன்னடத்துல அதே கிளி மென்-க போட்டு ஆரம்பிக்கும், தமிழ்ல அது நடக்காது.

2. இரட்டிச்சு வந்தா வன்-க. பக்கம், அக்கா, மூக்கு, பார்க்க. இங்க அடைப்பு ரொம்ப நேரம் நீளுது, அதான் வித்தியாசம்.

3. ட், ற் ரெண்டுக்கும் பின்னால வன்-க. வெட்கம், கேட்க, கற்க, நிற்க. பேச்சுல இது இன்னும் ஒரு படி மேல போய் 'கேக்க', 'நிக்க'ன்னு இரட்டிப்பாவே ஆயிடும், ஆனா எந்த நிலைமையிலயும் மென்மையாகாது.

4. ங் பின்னால மென்-க. தங்கம், பங்கு, அங்கே, வாங்க. ண், ன் பின்னாலயும் இதேதான், பெண்கள், மீன்கள்.

5. ரெண்டு உயிருக்கு நடுவுல தனியா வந்தா உரசல்-க. பகல், முகம், அழகு, அகலம். ய், ர், ல், ழ், ள் பின்னால தனியா வந்தாலும் மெலிஞ்சுதான் வரும், செய்கை, மார்கழி, வாழ்க. இங்க மென்-க பக்கம் கொஞ்சம் கூடுதலா சாயும்.

இதுல அடிக்கடி தவறவிடுற இடம் ஒண்ணு இருக்கு. 'வாழ்க'வையும் 'வாழ்க்கை'யையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் ழ்-க்கு அப்புறம்தான் க வருது, ஆனா ஒண்ணு மெலிஞ்சிருக்கு, இன்னொண்ணு வல்லுன்னு நிக்குது, காரணம் நடுவுல இருக்கிற அந்த ஒத்தைப் புள்ளி வச்ச க். அர்த்தத்தையும் அதுதான் பிரிக்குது. நான் சங்கத்துல 'சேர்கிறேன்'னா நானே போய் சேர்றேன், 'சேர்க்கிறேன்'னா இன்னொருத்தரை சேர்க்கிறேன். 'மகள்' ஒரு பொண்ணு, 'மக்கள்' ஊர் மொத்தம். அதாவது வன்-கவா மென்-கவாங்கிறது தமிழ்ல தனியா அர்த்தத்தைப் பிரிக்கிறதில்ல, ஒத்தையா இரட்டையாங்கிறதுதான் பிரிக்குது, சத்தம் அது பின்னாடியே தானா வந்துடுது. புள்ளியை விட்டுட்டு எழுதுறது சின்னத் தப்பு கிடையாதுன்னு சொல்றதுக்கு இதை விட நல்ல காரணம் தேவையில்ல.

## 'கள்'னு ஒரு விகுதியை மட்டும் எடுத்துப் பார்ப்போம்

அஞ்சு ரூலையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், பன்மைக்கு நாம போடுற 'கள்' விகுதி ஒண்ணே போதும். அது ஒரே விகுதி, அர்த்தம் ஒண்ணு, எழுத்தும் ஒண்ணு, ஆனா முன்னாடி என்ன வருதோ அதுக்கு ஏத்த மாதிரி தன் தலையை மாத்திக்கும்.

1. வீடுகள். முன்னாடி உ, பின்னாடி அ, நடுவுல ஒத்தை க. உரசல்-க.
2. மரங்கள். மரம்ல இருந்த ம் இங்க ங் ஆயிடுச்சு, அதனால மென்-க.
3. பூக்கள். இரட்டிச்சிடுச்சு, வன்-க.
4. கால்கள். ல் பின்னால, மென்-க.
5. கற்கள், சொற்கள். கல், சொல் ரெண்டுலயும் ல் போய் ற் வந்துடுச்சு, அதனால வன்-க.

அஞ்சாவதுல இன்னும் ஒரு வசதி இருக்கு. 'நாள்' பன்மையை 'நாள்கள்'னும் எழுதுறாங்க, 'நாட்கள்'னும் எழுதுறாங்க. ரெண்டையும் சத்தமா படிங்க. நாள்கள்னு படிக்கும்போது க மெலியுது, நாட்கள்னு படிக்கும்போது அது வன்-க ஆயிடுது. அதே வார்த்தை, அதே விகுதி, அதே அர்த்தம், முன்னாடி இருக்கிற மெய்யெழுத்து மட்டும்தான் மாறுச்சு. இடம்தான் சத்தத்தை முடிவு பண்ணுதுங்கிறதுக்கு இதுக்கு மேல ஆதாரம் வேணாம்.

வருஷா வருஷம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிளம்புற 'வாழ்த்துகள்'ஆ 'வாழ்த்துக்கள்'ஆங்கிற சண்டையும் இங்கதான் வருது. வாழ்த்துங்கிறது குற்றியலுகரத்துல முடியுது, அதாவது கடைசி உ அரைகுறையா ஒலிக்குது, அதுக்குப் பின்னால கள் வந்தா இரட்டிக்க வேண்டாம்ங்கிறது ஒரு கட்சி. 'எழுத்துக்கள்'னு பழைய உரைக்காரங்களே இரட்டிச்சு எழுதியிருக்காங்களேங்கிறது இன்னொரு கட்சி. எந்தக் கட்சியா இருந்தாலும் நாம கவனிக்க வேண்டியது, இது எழுத்து மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, க் போட்டா வாயில வன்-க வரணும், போடலைன்னா மெலியணும். க் போடாம எழுதிட்டு வன்-க போட்டு படிக்கிறதுதான் நிறைய நடக்குது, மேடையிலயும் டிவியிலயும் அதைக் கேக்கலாம், அது ரெண்டு கட்சிக்குமே பொருந்தாது.

## ஏன் இப்படி நடக்குது

இது யாரோ உக்காந்து போட்ட சட்டம் கிடையாது, பெரும்பகுதி காத்தும் தொண்டையும் பண்ற வேலை.

உயிரெழுத்து சொல்லும்போது குரல் நாண் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். 'பகல்'னு சொல்லும்போது ப-வுக்கு அப்புறம் வர்ற அ-வுல அதிருது, க முடிஞ்சு வர்ற அ-வுலயும் அதிரணும், நடுவுல ஒரு கண நேரத்துக்காக நிறுத்தி திரும்ப ஆரம்பிக்கிறது வீண் வேலை, அதனால நிறுத்தாமயே போயிடுறோம். அதே மாதிரி நாக்குக்கும் நேரம் இல்ல, மேல போய் முழுசா அடைக்கிறதுக்குள்ள அடுத்த உயிருக்கு கீழ இறங்கணும், அதனால பாதியிலயே திரும்பிடுது. அதிர்வு நிக்கல, அடைப்பும் முழுசா நடக்கல. அப்படிப் பிறக்கிறதுதான் உரசல்-க.

'தங்கம்' வேற கதை. ங் சொல்லும்போதே நாக்கு அண்ணத்தை முழுசா அடைச்சிடுச்சு, காத்து மூக்கு வழியா போகுது, தொண்டை அதிர்ந்துக்கிட்டு இருக்கு. க-வுக்கு வரும்போது செய்ய வேண்டியது மூக்கு வழியை மூடுறது மட்டும்தான். நாக்கு ஏற்கனவே அங்கதான் இருக்கு, அதனால அடைப்பு முழுசா இருக்கும், உரசல் வராது, அதிர்வு மட்டும் ஒட்டிக்கிட்டு வந்து மென்-க ஆயிடும்.

'பக்கம்' இதுக்கு நேர் எதிர். குரல் நாண் அதிரணும்னா கீழ இருந்து மேல காத்து ஓடிக்கிட்டே இருக்கணும். வாயை ரொம்ப நேரம் அடைச்சு வச்சா அடைப்புக்குப் பின்னால காத்து சேர்ந்து அழுத்தம் ஏறிடும், ரெண்டு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்ட சமமானா ஓட்டம் நின்னுடும், அதிர்வும் நின்னுடும். இரட்டை எழுத்து வன்மையா இருக்கிறதுக்கு அடைப்பு நீளமா இருக்கிறது நல்லாவே ஒத்துழைக்குது. ட், ற் பின்னால வர்றதுக்கும் இதே கணக்குதான், அந்த ரெண்டுலயே வாய் அடைஞ்சு அதிர்வு நின்னுடுச்சு, நின்னது க-விலயும் தொடருது.

வார்த்தை தொடக்கம் மட்டும் காத்துக் கணக்குல முழுசா அடங்காது. தனியா சொன்னா முன்னாடி மௌனம் இருக்கு, அதனால வன்-க வருதுன்னு சொல்லிடலாம். ஆனா 'ஒரு கல்'னு வேகமா சேர்த்து சொல்லும்போது க ரெண்டு உயிருக்கு நடுவுலதானே இருக்கு? இருந்தும் அது வன்-கவாவே நிக்குது. வார்த்தை எங்க தொடங்குதுன்னு நம்ம மனசு கணக்கு வச்சிருக்கு, அந்த எல்லையை வாய் மதிக்குது. இந்த எல்லை விஷயத்தை மனசுல வச்சுக்குங்க, ஊர்ப் பேருக்கு வரும்போது இதுதான் தேவைப்படும்.

## மெலிஞ்சது இன்னும் மெலியும், இரட்டை அசையாது

உரசல்-க ஒரு நிலையான இடத்துல நிக்கிறதில்ல, சறுக்கிக்கிட்டே இருக்கும். இதை நம்ம தினசரிப் பேச்சுலயே பார்க்கலாம்.

'போகிறேன்' பேச்சுல 'போறேன்' ஆயிடுச்சு, க-வையே காணோம். 'வருகிறேன்' வர்றேன் ஆயிடுச்சு, 'செய்கிறேன்' செய்றேன் ஆயிடுச்சு. ஆனா 'படிக்கிறேன்', 'நடக்கிறேன்', 'இருக்கிறேன்' எல்லாம் என்ன ஆச்சு? எவ்வளவு சுருக்கினாலும் 'இருக்கேன்'னு க்க மட்டும் பத்திரமா உக்காந்திருக்கு. கிறு இடைநிலை ஒத்தை க-வோட வர்ற வினையில எல்லாம் க உதிர்ந்துடுச்சு, இரட்டை க்-கோட வர்ற வினையில எல்லாம் நின்னுடுச்சு. நாக்கு பாதி தூரம் போய் திரும்புற சத்தம் காலப்போக்குல போகாமயே திரும்பிடும், முழுசா அடைக்கிற சத்தத்துக்கு அந்த ஆபத்து இல்ல.

நடுவுல ஒரு படியும் இருக்கு. 'மகன்' சில ஊர்ப் பேச்சுல 'மவன்' ஆகும், 'மகராசன்' 'மவராசன்' ஆகும், சென்னைப் பேச்சுல 'போகாதே' 'போவாத' ஆகும், 'ஆகுது' 'ஆவுது' ஆகும். க மெலிஞ்சு மெலிஞ்சு அடையாளமே போனப்புறம் அந்த இடத்தை நிரப்ப ஒரு வ வந்து உக்காந்துக்குது. 'மக்கள்'ல இது நடக்கவே நடக்காது.

இடத்துக்கு இடம் சாயலும் மாறும். யாழ்ப்பாணப் பேச்சுல நடுவுல வர்ற க நல்லா உரசி, ஹ-வுக்குக் கிட்ட இருக்கும். தமிழ்நாட்டுல ஒரே ஆள் 'அழகு'ங்கிறதை நிதானமா சொல்லும்போது மென்-கவும் வேகத்துல உரசல்-கவும் போடுவார். ரெண்டுல எது சுத்தத் தமிழ்னு கேக்குறதுல அர்த்தம் இல்ல, ஒரே மாற்றொலியோட ரெண்டு முனைதான் அது.

## வெளியில இருந்து வந்த வார்த்தைங்க ரூலை எங்க உடைக்குது

ராபர்ட் கால்டுவெல் 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினப்ப, வன்மையும் மென்மையும் இடத்தைப் பொறுத்து மாறுற இந்த வழக்கத்தை ஒரு தனி விதியாவே எடுத்துச் சொன்னார். சொந்த வார்த்தைகளுக்கு அது அன்னைக்கும் சரி இன்னைக்கும் சரி. கடன் வார்த்தைகள்லதான் சிக்கல்.

தொடக்கத்துல மென்-க. காந்தி, குரு, கீதா, கோவிந்தன், கேஸ் சிலிண்டர். இதுல எல்லாம் முதல் எழுத்தே மென்-க. எழுத்துல அதைக் காட்ட வழியே இல்ல, வார்த்தையைத் தெரிஞ்சவர்தான் சரியா படிக்க முடியும். 'காந்தி'யையும் 'காந்த'த்தையும் புதுசா தமிழ் படிக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்தா ரெண்டையும் ஒரே மாதிரிதான் படிப்பார், அவர் மேல தப்பு கிடையாது.

ஹ-வோட கதை. எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். சமஸ்கிருதத்துல இருந்து ஹ உள்ள வார்த்தைகளைத் தமிழ் எடுத்துக்கிட்டப்ப, ஹ தொடக்கத்துல இருந்தா அதைத் தூக்கி எறிஞ்சிடுச்சு. ஹரி அரி ஆச்சு, ஹனுமான் அனுமன் ஆச்சு, ஹாரம் ஆரம் ஆச்சு. பின்னாளில வந்த ஹோட்டலும் ஓட்டல் ஆச்சு. ஆனா ஹ நடுவுல இருந்தா? மோஹம் மோகம் ஆச்சு, ஆஹாரம் ஆகாரம் ஆச்சு, வராஹம் வராகம் ஆச்சு. தொடக்கத்துல க போடாதவங்க நடுவுல மட்டும் ஏன் க போட்டாங்க? தொடக்கத்துல க-ன்னா வன்-க, அது ஹ-வுக்குக் கிட்டயே வராது. நடுவுல க-ன்னா உரசல்-க, அது ஏற்கனவே ஹ மாதிரிதான் ஒலிக்குது. அன்னைக்கு எழுதினவங்க காது இந்த வித்தியாசத்தைக் கேட்டிருக்குன்னு இதுல இருந்து தெரியுது.

இதோட விளைவும் ஒண்ணு இருக்கு. மோகம் ஹ-வுல இருந்து வந்தது, நாகம் மென்-கவுல இருந்து வந்தது, லோகம் வன்-கவுல இருந்து வந்தது, மூணும் தமிழ்ல ஒரே க, வாயிலயும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். போற வழி சுலபம், திரும்பி வர்ற வழி அடைஞ்சுபோச்சு. 'மோகன்'னு தமிழ்ல எழுதியிருக்கிறதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோகணும்னா ஹெச் போடணும்னு தனியா தெரிஞ்சிருக்கணும், எழுத்தைப் பார்த்து கண்டுபிடிக்க முடியாது.

நடுவுல வன்-க வேணும்னா. இதுக்குத் தமிழ் தன் ரூலையே வச்சு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கு, இரட்டிச்சிடுறது. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, டோக்கியோ, பேக்கரி. எதுலயும் மூல வார்த்தையில இரட்டை இல்ல, சத்தம் மெலிஞ்சிடாம இருக்கத்தான் அந்த க். 'அமெரிகா'ன்னு எழுதியிருந்தா நாம மென்-க போட்டுத்தான் படிச்சிருப்போம். இந்த வழியைப் பின்பற்றாத பேர்களும் நிறைய இருக்கு, பாகிஸ்தான், மெக்சிகோ, சிகாகோ. சிகாகோவுல ரெண்டு க இருக்கு, மூலத்துல முதல் க வன்மை, ரெண்டாவது மென்மை, தமிழ் எழுத்தோ ரெண்டையும் ஒண்ணா காட்டுது. ங் பின்னாடி வன்-க வேணும்னா இன்னும் கஷ்டம், ஹாங்காங்ல நடுவுல இருக்கிறது மூலத்துல வன்மையான சத்தம், ஆனா ங் பின்னால வந்ததால நாலாவது ரூல் பிடிச்சு இழுத்துடுது. இரட்டிக்கவும் வழியில்ல, ங்க்க-ன்னு தமிழ்ல எழுத்து சேராது.

## இப்ப ஊர்ப் பேருக்கு வருவோம்

'குடி'ன்னு முடியுற ஊர்களை வரிசையா எடுத்துக்குவோம், ரயில்வே ஸ்டேஷன் போர்டுல இருக்கிற இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. காரைக்குடி, பரமக்குடி. முன்னாடி உயிர்ல முடியுது, சேரும்போது க் இரட்டிச்சிடுச்சு, வன்-க. போர்டுல கே. சரி.
2. ஆலங்குடி. ங் பின்னால, மென்-க. இங்கிலீஷ்ல ஜி. சரி.
3. மன்னார்குடி, லால்குடி. ர், ல் பின்னால ஒத்தை க, மெலியுது. போர்டுல ஜி. இதுவும் சரி.

ஆக, கே-யும் ஜி-யும் ஏதோ வெள்ளைக்காரன் இஷ்டத்துக்கு எழுதினதுன்னு நினைக்க வேண்டாம், இந்த வரிசையில காதுல கேட்டதை ஒழுங்காத்தான் எழுதியிருக்காங்க. திண்டுக்கல்தான் விதிவிலக்கு. அதுல க்க இரட்டை, அதே 'கல்' நாமக்கல்லுக்கு வரும்போது ரெண்டு கே வாங்கிடுச்சு, திண்டுக்கல்லுக்கு மட்டும் ஜி விழுந்துடுச்சு. 2020 பட்டியல்ல மத்த பல பேர்கள் மேல நியாயமான புகார் இருந்துச்சு, ஆனா திண்டுக்கல்லோட ரெண்டு கே உச்சரிப்புப்படி சரியான திருத்தம்.

'கோட்டை'யில முடியுற ஊர்கள்ல இன்னொரு விஷயம் தெரியும். புதுக்கோட்டை இரட்டை, வன்-க. செங்கோட்டை ங் பின்னால, மென்-க. தேவகோட்டை? ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை க, அஞ்சாவது ரூல்படி மெலியணும், ஆனா எல்லாரும் வன்-க போட்டுத்தான் சொல்றோம், இங்கிலீஷ்லயும் கே-தான். கும்பகோணமும் அப்படித்தான். முன்னாடி சொன்ன எல்லை இங்கதான் வேலை செய்யுது, 'கோட்டை' தனி வார்த்தையா மனசுல நிக்குது, அதனால அது தொடக்க-க கணக்குல வருது. ஆள் பேர்லயும் இதைப் பார்க்கலாம், சிவகுமார்ல 'குமார்' தனியா நிக்கிறதால வன்-க, ராஜகோபால்ல 'கோபால்' தனியா நிக்குது ஆனா கோபாலே மென்-க வச்சு தொடங்குற பேர், அதனால மென்-க.

இந்த எல்லை எப்பவும் உறுதியா இருக்காது, நிறையப் பேர் நிறைய வருஷம் சொல்லிச் சொல்லி ரெண்டு வார்த்தை ஒண்ணா இறுகிடுச்சுன்னா எல்லை அழிஞ்சு க மெலிஞ்சிடும். சங்கரன்கோவிலை எழுத்துப்படி நிதானமா படிக்கும்போது கோவில் தனியா, வன்-கவோட நிக்குது, ஊர்க்காரங்க பேச்சுல 'சங்கரங்கோயில்'னு ன் ங் ஆகி க-வும் மெலிஞ்சிடும். ஒரே ஊர், ரெண்டு உச்சரிப்பு, ரெண்டும் ரூலுக்குள்ளதான். அதனாலதான் கம்ப்யூட்டர்ல தமிழை வாசிக்க வைக்கிறவங்களுக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்துறவங்களுக்கும் அஞ்சு ரூலோட வேலை முடியறதில்ல, கூட்டுச் சொல் எங்க பிரியுதுன்னு ஒரு அகராதி வேணும், கடன் வார்த்தைகளுக்கு இன்னொரு பட்டியல் வேணும்.

நூலகங்களும் ஆராய்ச்சிக்காரங்களும் இந்தத் தொல்லையே வேணாம்னு வேற வழி எடுத்துட்டாங்க. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையிலயும் ஐஎஸ்ஓ 15919 முறையிலயும் க எங்க வந்தாலும் கே-தான். அகமும் கே, சங்கமும் கே, மகனும் கே. பார்க்கிறவங்களுக்கு "இது என்ன உச்சரிப்பு"ன்னு கோபம் வருது, ஆனா அது உச்சரிப்பைக் காட்டுறதுக்கான முறை கிடையாது, அங்கிருந்து தமிழ் எழுத்தை ஒரு பிழையும் இல்லாம திரும்ப எடுக்கிறதுக்கான முறை. யூனிகோடுலயும் இந்த ஒரே-க நிலைமை கண்ணுக்குத் தெரியும், மத்த இந்திய எழுத்துகளோட ஒரே வரிசைப்படி அடுக்கினதால தமிழ்ல க U+0B95-ல இருக்கு, ங U+0B99-ல இருக்கு, நடுவுல இருக்கிற மூணு இடம் காலி.

உங்க பேரையோ கடைப் பேரையோ இங்கிலீஷ்ல எழுதும்போது கே-யா ஜி-யான்னு சந்தேகம் வந்தா, பார்க்க வேண்டிய வரிசை இதுதான்:

1. க-வுக்கு முன்னாடி க், ட், ற் இருந்தா கே.
2. ங் இருந்தா ஜி.
3. வார்த்தை தொடக்கமா, இல்ல தனி அர்த்தமுள்ள ரெண்டாவது வார்த்தை அங்கிருந்து தொடங்குதான்னு பாருங்க. சொந்தத் தமிழ்னா கே, கடன் வார்த்தைன்னா மூலத்துல என்னவோ அது.
4. மீதி எல்லாம் ஜி. மூலத்துல ஹ இருந்ததுன்னு தெரிஞ்சா மட்டும் ஹெச்.

தமிழுக்கு வெளியூர்ப் பேரைக் கொண்டு வரும்போது இதையே திருப்பிப் போடணும். நடுவுல வன்மை வேணும்னா க் சேர்த்து இரட்டிங்க, மென்மை வேணும்னா ஒத்தையா விடுங்க, ஹ கட்டாயம் கேக்கணும்னா ஹ-வையே போடுங்க. தொடக்கத்துல மென்மை வேணும்னா மட்டும் தமிழ் எழுத்துல இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிட்ட வழி இல்ல, அதை வார்த்தை தெரிஞ்சவங்க சொல்லித்தான் மத்தவங்களுக்குத் தெரியணும்.